படங்களின் மாற்றுரையைத் தமிழாக்குதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலப் பக்கங்களையும் பாடநூல்களையும் தமிழுக்குக் கொண்டுவருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் ஐயங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். படத்தைப் பார்க்க முடியாமல், திரைவாசிப்பானின் குரல் வழியாகவோ பிரெயில் வழியாகவோ படிப்பவருக்குத் தமிழிலும் அதே தகவல் போய்ச் சேர என்ன செய்ய வேண்டும் என்பது மட்டுமே இதில் இருக்கிறது.

1. படத்துக்குக் கீழேயே குறிப்பு இருக்கிறதே, அதற்கு மேல் மாற்றுரை எதற்கு? இரண்டையும் தனித்தனியாக மொழிபெயர்க்க வேண்டுமா?

ஆம், இரண்டும் செய்யும் வேலை வேறு. படக்குறிப்பை எல்லோரும் படிக்கிறார்கள். அது பெரும்பாலும் படத்தைப் பார்த்தாலும் தெரியாததைச் சொல்லும்: இருப்பவர் யார், எந்த ஆண்டு, எதற்காக எடுத்த படம். மாற்றுரை `alt` என்ற பண்புக்குள் இருக்கிறது. திரைவாசிப்பான் பயன்படுத்துபவருக்கும், படம் இறங்காமல் போனால் மற்றவர்களுக்கும் மட்டுமே அது கிடைக்கும். பார்த்தால் உடனே தெரிந்துவிடுவதை அது சொல்ல வேண்டும்.

காதால் படிப்பவருக்கு இரண்டும் அடுத்தடுத்து வரும். மொழிபெயர்ப்புக் கோப்பில் அவை பத்து வரி தள்ளி இருக்கலாம். வேறு வேறு ஆளுக்கே போயிருக்கலாம். குறிப்பில் ‘கொதிகலன்’, மாற்றுரையில் ‘பாய்லர்’ என்று வந்துவிட்டால், கேட்பவர் இரண்டு பொருள்கள் இருப்பதாக எண்ணிக்கொள்வார். பார்ப்பவருக்குப் படமே அந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடும், கேட்பவருக்குத் தீர்க்க எதுவுமில்லை. ஆகவே குறிப்பு, மாற்றுரை, படத்தைப் பற்றிப் பேசும் பத்தி ஆகிய மூன்றையும் ஒன்றாக எடுத்துவைத்துக்கொண்டு, ஒரே சொல்லால் மொழிபெயர்க்க வேண்டும்.

2. எனக்கு வெறும் வாக்கியங்கள்தான் வருகின்றன, படம் வருவதில்லை. அப்படியே மொழிபெயர்த்துவிடலாமா?

கூடாது. ‘மேசைமேல் ஒரு மவுஸ்’ என்ற ஆங்கில வரி எலியையும் சொல்லலாம், கணினியின் சுட்டியையும் சொல்லலாம். ‘கிரேன்’ என்பது கொக்கு இனப் பறவையாகவோ பாரந்தூக்கியாகவோ இருக்கலாம். இப்படிப்பட்ட இரட்டைப் பொருள்களையாவது சந்தேகப்பட்டுப் பிடித்துவிடலாம். அதைவிடச் சிக்கலானது, சொல் தெளிவாக இருந்தும் படத்தின் வேலை தெரியாமல் போவது. ‘அம்புக்குறி’ என்று ஒரு வரி வருகிறது. அது அழுத்தினால் அடுத்த பக்கத்துக்குப் போகும் பொத்தான் என்றால், மாற்றுரை ‘அடுத்த பக்கம்’ என்று இருக்க வேண்டும். அதே அம்பு இரத்த ஓட்ட வரைபடத்தில் இருந்தால், எங்கிருந்து எங்கே போகிறது என்பதே தகவல்.

முன்பு மொழிபெயர்த்த வரிகளைச் சேமித்து வைக்கும் மொழிபெயர்ப்பு நினைவகம் இந்தப் பிழையைப் பெருக்கிவிடும். முதல் இடத்தில் ‘அம்புக்குறி’ என்று சேமித்தால், அதே ஆங்கில வரி வரும் எல்லா இடங்களிலும் முழுப் பொருத்தம் என்று அதுவே நிரம்பிவிடும். மாற்றுரைக்கு வரும் முழுப் பொருத்தங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்த பிறகே ஏற்றுக்கொள்ளுங்கள். கோப்பு, மென்பொருள் வரிகளை மொழிபெயர்க்கப் பயன்படும் கெட்டெக்ஸ்ட் வடிவில் இருந்தால், வரி வரும் இடத்தைச் சொல்லும் `msgctxt` குறிப்பை ஒவ்வொரு படத்துக்கும் சேர்த்துத் தரும்படி நிரலரிடம் கேளுங்கள். அப்போது ஒரே ஆங்கில வரிக்கு இடத்துக்கு ஒரு தமிழ் தர முடியும். படம் தர இயலாது என்று சொன்னால், பக்கத்தின் முகவரியையாவது வாங்கிவிடுங்கள்.

3. ‘இந்தப் படத்தில்…’ என்று தொடங்கலாமா?

வேண்டாம். திரைவாசிப்பானே முதலில் ‘கிராஃபிக்’ அல்லது ‘படம்’ என்று அறிவித்துவிடும். எந்த வகைப் படம் என்பது தகவலாக இருந்தால் மட்டும் சொல்லுங்கள்: கார்ட்டூன், எக்ஸ்ரே, வரைபடம், பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படம்.

4. ஆங்கிலத்தில் மாற்றுரை வினைமுற்று இல்லாத துண்டாகத்தான் இருக்கிறது. தமிழிலும் ‘…நிற்கும் பெண்’ என்று பெயரில் முடித்தால் போதும்தானே?

எழுத்தில் பார்க்க அழகாக இருக்கும். காதில் கேட்கும்போதுதான் குறை தெரியும். ‘கனமழையில் நனைந்தபடி பேருந்து நிறுத்தத்தில் சிவப்புக் குடையை விரிக்க முயலும் பெண்’ என்ற வரியை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் பெண் என்ற சொல் முதலில் வரும், மற்றவை அவளைத் தொடர்ந்து வரும். தமிழில் பெயரெச்சத் தொடராக்கினால் வரிசை தலைகீழாகிவிடுகிறது. மழை, நிறுத்தம், குடை எல்லாம் வந்த பிறகுதான் யாரைப் பற்றி இவ்வளவும் என்று தெரிகிறது. அதுவரை எல்லாவற்றையும் நினைவில் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

திரைவாசிப்பானில் பழகியவர்கள் வேகமாக ஓடவிட்டுக் கேட்பார்கள். முதல் சில சொற்களைக் கேட்டதும் தேவையில்லை என்று தோன்றினால் அடுத்ததற்குத் தாவிவிடுவார்கள். முக்கியமான பெயர் கடைசியில் இருந்தால் அந்த முடிவை அவர்களால் எடுக்க முடியாது. ஆகவே எழுவாயை முன்னால் வைத்து முழு வாக்கியமாக எழுதுங்கள்: ‘ஒரு பெண் பேருந்து நிறுத்தத்தில் சிவப்புக் குடையை விரிக்க முயல்கிறார். கனமழையில் நனைந்திருக்கிறார்.’ இரண்டு சிறு வாக்கியங்கள், இடையில் ஒரு முற்றுப்புள்ளி. அந்தப் புள்ளியில் குரல் நின்று மூச்சு விடும். இரண்டு மூன்று சொற்களில் முடிகிற மாற்றுரைக்கு இந்தக் கவலை இல்லை. ‘தூங்கும் பூனை’ அப்படியே இருக்கட்டும்.

5. 125 எழுத்துக்குள் முடிக்க வேண்டும் என்கிறார்களே, தமிழில் அது போதவே மாட்டேன் என்கிறது.

எச்டிஎம்எல் விதிகளிலோ டபிள்யுசிஏஜி அணுகல்தன்மை நெறிகளிலோ அப்படி ஒரு வரம்பு இல்லை. சுருக்கமாக எழுத வேண்டும் என்பதற்குப் பழக்கத்தில் வந்த கணக்கு அது. ஆனால் சில உள்ளடக்க மேலாண்மைக் கருவிகள் அதை உண்மையான வரம்பாகவே வைத்து, மீறினால் மீதியை வெட்டிவிடுகின்றன. கருவி எண்ணுவது நாம் எண்ணும் எழுத்தை அல்ல, யூனிகோடு குறிகளை. ‘தமிழ்’ நமக்கு 3 எழுத்து, கருவிக்கு 5 குறி: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யுடிஎஃப்-8 பைட்டுகளில் எண்ணினால் 15. அதனால் தமிழ் வரி வெகு சீக்கிரம் இடத்தை நிரப்பிவிடும்.

வரம்பை உயர்த்தச் சொல்லிக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் சொற்களை நெருக்கி எழுத வேண்டாம்; எந்தத் தகவல் இல்லாவிட்டால் பத்தி புரியாதோ அதை மட்டும் மாற்றுரையில் வைத்து, மீதியைப் படக்குறிப்புக்கோ பத்திக்கோ மாற்றுங்கள். பாதியில் வெட்டுப்பட்டால் தமிழில் போவது பெரும்பாலும் வினைமுற்று. கடைசியில் இருந்த ‘இல்லை’ போய்விட்டால் பொருளே மாறிவிடும்.

6. ‘அங்கிள்’, ‘சிஸ்டர்’, ‘ஸ்டூடன்ட்’ என்றெல்லாம் வருகிறது. அக்காவா தங்கையா, மாணவனா மாணவியா என்று எப்படி முடிவு செய்வது?

பார்ப்பவருக்கு என்ன தெரிகிறதோ அதுவரை சொல்லுங்கள். படத்தில் இருப்பது சிறுமி என்று தெளிவாகத் தெரிந்தால் ‘மாணவி’. முதுகு மட்டும் தெரிகிறது, பத்தியும் சொல்லவில்லை என்றால் ‘மாணவர்’. உறவுமுறையில் ஆங்கிலம் மறைப்பதைத் தமிழ் வெளியே சொல்லச் சொல்லும். மாமாவா, சித்தப்பாவா, பெரியப்பாவா என்று பத்தியில் தேடுங்கள், கிடைக்காவிட்டால் எழுதியவரிடம் கேளுங்கள். அதுவும் முடியாவிட்டால் ‘சகோதரி’, ‘உறவினர்’ போன்ற பொதுச்சொல்லே நேர்மையானது. ஊகித்து எழுதிய ‘தங்கை’யைச் சரிபார்க்கக் கேட்பவருக்கு வழி கிடையாது.

வினைமுற்றில் ‘நிற்கிறார்’ என்ற மரியாதை வடிவம் ஆண், பெண் இருவருக்கும் பொருந்தும். ஆனால் பக்கத்தின் மற்ற பகுதிகளில் அதே ஆளை ‘அவன்’ என்று கதை சொல்கிறது என்றால், மாற்றுரை மட்டும் ‘அவர்’ என்று தொடங்கக் கூடாது. வேறொருவர் வந்துவிட்டாரோ என்று தோன்றும்.

7. படத்துக்குள்ளேயே ஆங்கில எழுத்துகள் இருக்கின்றன. படத்தை மாற்றப் போவதில்லை. மாற்றுரையில் என்ன எழுதுவது?

அந்த எழுத்துகளை வாசகர் எதற்குப் பயன்படுத்துவார் என்று பாருங்கள். அறிவிப்புப் பலகை, விளக்கச் சீட்டு போன்றவற்றில் பொருள்தான் தேவை, தமிழில் சொல்லுங்கள். ‘வலப்பக்கம் திரும்பக் கூடாது என்று ஆங்கிலத்தில் எழுதிய பலகை’ என்றால் போதும்.

மென்பொருளின் திரைப்பிடிப்பு அப்படியல்ல. வாசகர் அந்தப் பொத்தானைத் தம் கணினியில் தேடிப் போவார். அங்கே அவருடைய திரைவாசிப்பான் `Save` என்று சொல்லும்போது, நீங்கள் ‘சேமி’ என்று மட்டும் எழுதியிருந்தால் அவருக்குக் கிடைக்காது. மென்பொருளுக்குத் தமிழ் இடைமுகம் இருந்தால், அதில் உள்ள சொல்லையே எடுத்துக்கொண்டு திரைப்பிடிப்பையும் தமிழில் எடுக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஆங்கிலப் பெயரை அதே எழுத்தில் வைத்து, செயலைத் தமிழில் சேருங்கள்: ‘மேல் இடது மூலையில் Save பொத்தான், கோப்பைச் சேமிக்க’.

மூன்றாவது நிலையும் உண்டு. படம் தமிழாக்கப்படும் என்று நம்பி ‘உருகுநிலை என்று குறிக்கப்பட்ட கோடு’ என்று எழுதியிருப்பீர்கள், கடைசியில் படம் ஆங்கிலத்திலேயே வெளியாகியிருக்கும். பார்வையுள்ள நண்பரோடு சேர்ந்து படிப்பவருக்கு அப்போது இருவரும் வேறு வேறு படத்தைப் பற்றிப் பேசுவதுபோல் இருக்கும். படம் மாறுமா மாறாதா என்பதைத் தொடங்கும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

8. வரைபடங்களுக்கு மூலத்திலேயே ஒரு வரிதான் இருக்கிறது. அதைத் தமிழாக்கிவிட்டால் என் வேலை முடிந்ததா?

ஒரு பாடநூல் படத்தை எடுத்துப் பார்ப்போம். 100 கிராம் பனிக்கட்டியை −20 டிகிரி செல்சியசிலிருந்து 100 வாட் சூடேற்றியால் ஒரே சீராகச் சூடாக்குகிறார்கள். வெப்பம் எதுவும் வெளியே வீணாகவில்லை என்று வைத்துக்கொண்டு, நேரத்துக்கு எதிராக வெப்பநிலையை வரைந்திருக்கிறார்கள். மூல மாற்றுரையில் ‘நீரைச் சூடாக்கும் வரைபடம்’ என்ற பொருளில் ஒரே வரி. அதை அழகிய தமிழில் தந்தாலும் கேட்பவருக்கு எதுவும் கிடைக்காது, ஏனென்றால் பாடம் கேட்கும் கேள்வி ‘வெப்பம் கொடுத்துக்கொண்டே இருந்தும் வெப்பநிலை எப்போது ஏறவில்லை?’ என்பது. பார்ப்பவர் இரண்டு படுக்கைக் கோடுகளைக் கண்டதும் விடை சொல்லிவிடுவார்.

எனவே மாற்றுரை இப்படி இருக்கலாம்: ‘நேரத்தோடு வெப்பநிலை மாறும் கோட்டு வரைபடம். கோடு இரண்டு இடங்களில் ஏறாமல் கிடைமட்டமாகச் செல்கிறது: 0 டிகிரியில் சிறிது நேரம், 100 டிகிரியில் மிக நீண்ட நேரம். விவரம் கீழே உள்ள அட்டவணையில்.’ விவரத்தை `alt`க்குள் திணிக்காமல் எல்லோரும் பார்க்கும் அட்டவணையாகப் படத்துக்குக் கீழே வையுங்கள்:

| கட்டம் | நேரம் (நிமிடம்) | வெப்பநிலை (டிகிரி செல்சியஸ்) |
|---|---|---|
| பனிக்கட்டி சூடாகிறது | 0 முதல் 0.7 வரை | −20லிருந்து 0 |
| பனிக்கட்டி உருகுகிறது | 0.7 முதல் 6.3 வரை | 0, மாற்றமில்லை |
| நீர் சூடாகிறது | 6.3 முதல் 13 வரை | 0லிருந்து 100 |
| நீர் ஆவியாகிறது | 13 முதல் 51 வரை | 100, மாற்றமில்லை |

அட்டவணையில் திரைவாசிப்பானின் விசைகளால் ஒவ்வொரு பெட்டியாக நகர்ந்து, எந்த நெடுவரிசை என்பதையும் கேட்டுக்கொள்ள முடியும். இதே விவரத்தை `aria-describedby` வழியாக இணைத்தால், அட்டவணை அமைப்பு கரைந்து ஒரே நீளமான வரியாக வாசிக்கப்படும். நீண்ட விளக்கத்துக்கான பழைய `longdesc` பண்பு எச்டிஎம்எல் 5இல் விலக்கப்பட்டுவிட்டது.

ஒன்றில் மட்டும் எல்லை தாண்டாதீர்கள். ‘உள்ளுறை வெப்பத்தால் ஏறவில்லை’ என்று மாற்றுரையில் சேர்த்தால், மற்ற மாணவர்கள் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டிய விடையைக் கேட்பவருக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். கோடு எப்படிப் போகிறது என்பதோடு நிறுத்துங்கள்.

9. மூலத்தில் இல்லாததைச் சேர்க்க மொழிபெயர்ப்பாளருக்கு உரிமை உண்டா? மூலமே தப்பாக இருந்தால்?

மேலே உள்ள வரைபடம் போன்ற இடத்தில் உங்கள் வாக்கியத்தை முன்மொழிந்து ஒப்புதல் வாங்குங்கள். ஆங்கிலத்தையும் திருத்தச் சொல்லுங்கள். இல்லையென்றால் அடுத்த பதிப்பில் பழைய ஆங்கில வரியிலிருந்து இன்னொருவர் மறுபடி மொழிபெயர்த்து, உங்கள் திருத்தத்தை அழித்துவிடுவார். மூலம் ‘மூன்று பேர்’ என்றும் படம் நான்கு பேரையும் காட்டினால், படம் சொல்வதை எழுதி, குறிப்பு அனுப்புங்கள். கேட்பவருக்கு நாம் கொண்டுசேர்க்க வேண்டியது படத்தை. ஆங்கில வரியை அல்ல.

10. எண்கள், அலகுகள், குறிகள் பற்றி ஏதாவது கவனிக்க வேண்டுமா?

கண்ணுக்குப் பழகிய குறிகள் காதுக்கு வருவதில்லை. ‘10–20’ என்பதில் உள்ள கோட்டைப் பல குரல்கள் விழுங்கிவிடும். ‘10 முதல் 20 வரை’ என்று எழுதுங்கள். ‘−5’ இன் கழித்தல் குறியும் அப்படியே தொலையலாம், மாற்றுரையில் ‘மைனஸ் 5’ பாதுகாப்பானது. ‘கி.மீ.’ என்பதன் புள்ளிகளில் சில குரல்கள் வாக்கியம் முடிந்ததாக எண்ணி நிற்கும். ‘கிலோமீட்டர்’ என்று முழுதாக எழுதுவதில் நட்டம் இல்லை.

12 லட்சம் என்பதா 1.2 மில்லியன் என்பதா என்று கேட்டால், படத்தின் அச்சிலும் பத்தியிலும் என்ன இருக்கிறதோ அதுவே. மாற்றுரை மட்டும் தனி அலகில் பேசினால் 1ஆம் கேள்வியில் சொன்ன கொதிகலன் குழப்பம்தான்.

11. தமிழில் சரியாக எழுதியும், திரைவாசிப்பான் மௌனமாகத் தாண்டிப் போகிறது, அல்லது உளறுகிறது. ஏன்?

பெரும்பாலும் மொழிக்குறி தவறாக இருக்கும். ஆங்கிலப் பக்கத்தை நகலெடுத்துத் தமிழாக்கியபோது `lang="en"` அப்படியே நின்றிருக்கும். தமிழ் எழுத்தை அறியாத ஆங்கிலக் குரலிடம் தமிழ் வரி போனால், குரலைப் பொறுத்து அது தாண்டிவிடும் அல்லது எழுத்தெழுத்தாக ஏதோ சொல்லும். பக்கத்தின் மொழியைக் குறிப்பது டபிள்யுசிஏஜி 3.1.1, பகுதிகளின் மொழியைக் குறிப்பது 3.1.2. `alt` வரியின் மொழி, அந்தப் படத்தின் `lang` அல்லது அதைச் சுற்றியுள்ள உறுப்பின் `lang` எதுவோ அதுவே:

```html
<figure lang="ta">
  <img src="curve.png" alt="நேரத்தோடு வெப்பநிலை மாறும் கோட்டு வரைபடம்.">
  <figcaption>படம் 3: நீரின் மூன்று நிலைகள்</figcaption>
</figure>
```

`alt`க்குள் வேறு குறியீடுகள் வைக்க முடியாது. அதனால் அதற்குள் ஒரு ஆங்கிலச் சொல்லை மட்டும் ஆங்கிலக் குரலில் வாசி என்று சொல்ல வழியில்லை. 7ஆம் கேள்வியின் Save போல ஒரு சொல் என்றால் சமாளிக்கலாம். ஆங்கில வாக்கியமே தேவை என்றால் அதைப் படக்குறிப்புக்குக் கொண்டுபோய் `<span lang="en">` போடுங்கள். குறி சரியாக இருந்தும் பேசவில்லை என்றால், கேட்பவரின் கருவியில் தமிழ்க் குரல் இருக்கிறதா என்று பாருங்கள். என்விடிஏ என்ற திரைவாசிப்பானோடு வரும் ஈஸ்பீக் என்ஜி என்ற பேச்சுக் கருவியில் தமிழ் உண்டு.

12. மூலத்தில் மாற்றுரை காலியாக இருக்கிறது. நான் ஏதாவது எழுத வேண்டுமா?

`alt=""` என்பது ‘இது அலங்காரம், வாசிக்காதே’ என்ற வேண்டுமென்றே தந்த கட்டளை. அதைக் காலியாகவே விடுங்கள். ‘அலங்காரப் படம்’ என்று நிரப்பினால், ஒவ்வொரு பூக்கோலக் கோட்டுக்கும் கேட்பவர் நின்று கேட்க வேண்டிவரும். `alt` என்ற பண்பே இல்லாமல் இருப்பது வேறு: அப்போது சில திரைவாசிப்பான்கள் கோப்பின் பெயரை வாசிக்கும். அது பிழை, திருப்பி அனுப்புங்கள்.

கெட்டெக்ஸ்டில் ஒரு கண்ணி இருக்கிறது. அங்கே காலி வரி என்பது கோப்பின் தலைப்புக்கு ஒதுக்கப்பட்டது:

```
msgid ""
msgstr ""
"Project-Id-Version: site 1.0\n"
"Language: ta\n"
```

நிரலர் காலி மாற்றுரையையும் மொழிபெயர்ப்புச் செயலுக்குள் அனுப்பியிருந்தால், தமிழ்ப் பக்கத்தில் அந்த அலங்காரப் படத்தின் மாற்றுரையாக இந்தத் தலைப்பு முழுவதும் வந்து விழும். பார்ப்பவர் கண்ணில் படவே படாது. கேட்பவருக்குக் கோப்பு விவரம் முழுதும் வாசிக்கப்படும். மாற்றுரையில் `Project-Id-Version` என்று தேடினால் உடனே பிடிபடும். காலி வரியை மொழிபெயர்ப்புக்கு அனுப்பக் கூடாது என்பதே திருத்தம்.

13. எனக்குப் பார்வை உண்டு, திரைவாசிப்பான் பழக்கமில்லை. வெளியிடும் முன் எப்படிச் சோதிப்பது?

முதலில் உலாவியின் கட்டளைப் பலகத்தில் இதை ஓட்டுங்கள்:

```js
document.querySelectorAll('img').forEach(i =>
  console.log(i.getAttribute('alt'), i.closest('[lang]')?.lang));
```

ஒவ்வொரு படத்துக்கும் மாற்றுரையும் மொழியும் வரிசையாக வரும். `null` என்றால் மாற்றுரையே இல்லை. தமிழ் வரிக்குப் பக்கத்தில் `en` இருந்தால் 11ஆம் கேள்விக்குப் போங்கள். ஆங்கில வரி எஞ்சியிருந்தால், மொழிபெயர்ப்புக் கருவி பண்புகளை எடுக்காமல் விட்டிருக்கிறது அல்லது அந்தப் பகுதியில் `translate="no"` இருக்கிறது. அது மாற்றுரையையும் சேர்த்துத் தடுத்துவிடும்.

பிறகு என்விடிஏவை நிறுவி, பக்கத்தைத் திறந்து G விசையை அழுத்துங்கள். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் அடுத்த படத்துக்குப் போகும். திரையைப் பார்க்காமல் கேளுங்கள். பேச்சு வேகமாக இருந்தால், கருவிகள் பட்டியலில் உள்ள பேச்சுக் காட்டி சொன்னதையெல்லாம் எழுத்தாகவும் காட்டும்.

இதில் தேறினால், அந்தப் படத்தைப் பார்த்திராத ஒருவரிடம் பத்தி, மாற்றுரை, குறிப்பு மூன்றையும் வாசித்துக்காட்டி, பாடம் கேட்கும் கேள்வியையே கேளுங்கள். வரைபட எடுத்துக்காட்டில் அது ‘எப்போது ஏறவில்லை?’ என்பது. திரைவாசிப்பானைத் தினமும் பயன்படுத்துபவர் கிடைத்தால் இன்னும் நல்லது. அவரிடம் ‘நன்றாக இருக்கிறதா?’ என்று கேட்காதீர்கள். எந்த இடத்தில் கேட்பதை நிறுத்திவிட்டுத் தாவினீர்கள் என்று கேளுங்கள்; அந்த வரியை 4ஆம் கேள்வியில் சொன்னபடி திருப்பி எழுதுங்கள்.